தப்பான வகைக்கெழு, சரியான விடை: கேள்வி-பதில்

(செமஸ்டர் நெருங்குகிறது. நியூமரிக்கல் மெத்தட்ஸ் தாளைப் பற்றிய கடிதங்களாகவே வந்து குவிகின்றன. பெரும்பாலானவற்றில் அதே சமன்பாடு, x³ − 2x − 5 = 0. பதில்களையும் அதை வைத்தே சொல்லிவிடுகிறேன்.)

கேள்வி: நியூட்டன்-ராப்சன் கணக்கில் எனக்கு 2.0946 என்ற சரியான விடைதான் வந்தது. ஆனாலும் பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். அட்டவணையை இணைத்திருக்கிறேன். விடை சரியென்றால் வழியும் சரிதானே சார்?
— இரண்டாமாண்டு மெக்கானிக்கல் மாணவர், விருதுநகர்

பதில்: இல்லை தம்பி. உங்கள் அட்டவணை 2, 2.0833, 2.0929, 2.0943, 2.0945, 2.0945, 2.0946 என்று போகிறது. முதல் அடியிலேயே குட்டு வெளிப்பட்டுவிட்டது. x = 2 என்று போட்டால் f = 8 − 4 − 5 = −1. வகைக்கெழு 3x² − 2, அதாவது 10. ஆகவே அடுத்த மதிப்பு 2.1 என்றுதான் வந்திருக்க வேண்டும். உங்களுக்கு 2.0833 வந்திருக்கிறது என்றால் 1-ஐ 12-ஆல் வகுத்திருக்கிறீர்கள். −2x-ஐ வகையிட மறந்து, வெறும் 3x² என்று எழுதியிருக்கிறீர்கள்.

அப்படியானால் விடை எப்படிச் சரியாக வந்தது? இந்த முறையில் ஒவ்வொரு அடியும் f-ஐ எதனாலோ வகுத்துக் கழிக்கிறது. கழிப்பது எப்போது நிற்கும்? f பூஜ்யமாகும்போது. கீழே இருக்கும் எண் 10 ஆனாலும் 12 ஆனாலும் நிற்கும் இடம் மாறாது, போய்ச் சேரும் வேகம்தான் மாறும். வகைக்கெழு கொஞ்சம் தப்பாக இருந்தாலும் வண்டி ஊர் போய்ச் சேர்ந்துவிடும், பாசஞ்சர் ரயில் வேகத்தில். சரியான வகைக்கெழுவோடு மூன்றே அடியில் முடிகிற கணக்கு உங்களுக்கு ஆறு அடி எடுத்திருக்கிறது. கேள்வித்தாள் கேட்டது விடையை மட்டுமல்ல, நியூட்டன்-ராப்சன் முறையையும். நீங்கள் போட்டது வேறு முறை. திருத்தியவர் பாதி கொடுத்ததே பெருந்தன்மை.

கேள்வி: ஒவ்வொரு தாளிலும் அட்டவணையை முதலிலிருந்து போட்டுப் பார்க்க நேரமில்லை. பார்த்த மாத்திரத்தில் தப்பைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
— கணிதப் பேராசிரியை, தஞ்சாவூர்

பதில்: உண்டு மேடம். x-ஐப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு அடியிலும் x எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். சரியான அட்டவணை இது:

```
n   x_n         f(x_n)      f'(x_n)    நகர்வு
0   2           -1          10         +0.1
1   2.1         0.061       11.23      -0.005432
2   2.0945681   0.000186    11.1616    -0.0000166
3   2.0945515
```

கடைசிப் பத்தியை மேலிருந்து கீழே படியுங்கள். நியூட்டன்-ராப்சன் இரண்டாம் வரிசைக் குவிவு கொண்டது என்று இரண்டு மதிப்பெண் கேள்வியில் எல்லாரும் எழுதுகிறார்களே, அதன் பொருள் இந்தப் பத்தியில் கண்ணுக்குத் தெரியும். ஒரு நகர்வை அதற்கு முந்தைய நகர்வின் வர்க்கத்தால் வகுத்தால், கிட்டத்தட்ட ஒரே எண் திரும்பத் திரும்ப வர வேண்டும். 0.005432-ஐ 0.01-ஆல் வகுத்தால் 0.54. 0.0000166-ஐ 0.005432-இன் வர்க்கத்தால் வகுத்தால் 0.56. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்றால், மூலத்தின் அருகே f''-ஐ 2f'-ஆல் வகுத்ததிலிருந்து. இந்தச் சமன்பாட்டுக்கு அது 0.563.

இப்போது விருதுநகர்த் தம்பியின் அட்டவணைக்கு வாருங்கள். நகர்வுகள் 0.0833, 0.0096, 0.0014, 0.0002. வர்க்கத்தால் வகுத்தால் 1.4, பிறகு 15, பிறகு 100-க்கும் மேலே. எண் நிலைக்கவே இல்லை. மாறாக, ஒவ்வொரு நகர்வும் முந்தையதில் ஏழில் ஒரு பங்கு என்ற கணக்கில் சீராகச் சுருங்குகிறது. அப்படிச் சீராகச் சுருங்கினால் வகைக்கெழு தப்பு என்று பெரும்பாலும் தைரியமாகச் சொல்லலாம். எண்ணைக்கூடப் போட வேண்டாம். தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் பூஜ்யங்கள் அடிக்கு அடி இரட்டிப்பாகின்றனவா என்று பார்த்தால் போதும். ஒன்றொன்றாகக் கூடினால் சிவப்புப் பேனாவை எடுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. மூலத்துக்கு வெகு தூரத்தில் தொடங்கியவர்களின் முதல் சில வரிகளில் இந்தக் கணக்கு ஒத்துவராது. அது அவர்கள் குற்றமல்ல. அட்டவணையின் வால்பக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். இரட்டை மூலம் என்று ஒன்றும் இருக்கிறது. அது கீழே வருகிறது.

கேள்வி: இரண்டாவது அடியில் 2.0946 என்பதற்குப் பதில் 2.0845 என்று எழுதிவிட்டேன். அடுத்த அடியில் தானாகவே 2.0946 வந்துவிட்டது. கடவுள் இருக்கிறாரா?
— மாணவி, நாகர்கோவில்

பதில்: இருக்கிறாரோ இல்லையோ, நியூட்டன் இருக்கிறார். ஒவ்வொரு அடியும் கையில் இருக்கும் x-ஐ மட்டுமே பார்க்கிறது. அந்த x எப்படி வந்தது என்று அது விசாரிப்பதில்லை. 2.0845-ஐப் புதிய தொடக்க மதிப்பாக எடுத்துக்கொண்டு 2.09461-க்கு வந்து சேர்ந்துவிட்டது. நீங்கள் ஓர் அடியைத்தான் இழந்தீர்கள்.

ஆனால் திருத்துபவர் கண்ணுக்கு இது தப்பாது. ஏனென்று சொல்கிறேன். மூலத்தின் அருகே இந்த வளைவு மேல்நோக்கிக் குழிந்தது, கிண்ணம் போல. அப்படிப்பட்ட வளைவில் மூலத்துக்குப் பக்கத்தில் எந்தப் புள்ளியில் தொடுகோடு வரைந்தாலும் அது அச்சை மூலத்துக்கு வலப்புறம்தான் வெட்டும். அதாவது 2-லிருந்து கிளம்பியவர் ஒரே தாவலில் மூலத்தைத் தாண்டி 2.1-க்குப் போவார். அதற்குப் பிறகு வலப்புறமிருந்து இறங்கிக்கொண்டே வருவார், மறுபடி இடப்பக்கம் போகவே மாட்டார். f பத்தியின் குறியைப் பார்த்தால் முதல் வரி மட்டும் மைனஸ், மற்றதெல்லாம் பிளஸ். உங்கள் தாளில் பிளஸுக்குப் பிறகு மறுபடி மைனஸ் வந்திருக்கும்: f(2.0845) = −0.1116. முந்தைய வரியில் 0.061 இருந்தது. அளவும் கூடிவிட்டது, குறியும் திரும்பிவிட்டது. இரண்டு சாட்சி.

கேள்வி: அட்டவணையில் f(x) பத்தி கட்டாயமா? x மட்டும் எழுதினால் போதாதா?
— மாணவர், ஈரோடு

பதில்: பில் இல்லாமல் பணம் கேட்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

கேள்வி: வகுப்பில் சார் "தொடக்க மதிப்பை எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்றார். எளிதாக இருக்கட்டும் என்று 0 எடுத்தேன். பக்கம் தீர்ந்தது, விடை வரவில்லை.
— மாணவி, திண்டுக்கல்

பதில்: சார் சொன்னதில் "எங்கே வேண்டுமானாலும்" வரைக்கும் சரி. எங்கே போய்ச் சேரும் என்று அவர் சொல்லவில்லையே!

உங்கள் பயணத்தை நான் போட்டுப் பார்த்தேன்: 0, −2.5, −1.5672, −0.5026, −3.8207, −2.5494, −1.6081, −0.5761, −4.5977. ஒரு சுற்று முடித்து மறுசுற்று போகிறது. காரணம் வளைவின் இடப்பக்கத்தில் இருக்கிறது. x = −0.8 அருகே இந்த வளைவு ஒரு மேடு கட்டுகிறது. மேட்டின் உச்சி −3.9 தான், அச்சைத் தொடவே இல்லை. நியூட்டன் முறைக்கு அது தெரியாது. வளைவு ஏறுகிறது, அப்படியே போனால் அச்சு வரும் என்று நம்பி மேட்டை நோக்கி வருகிறது. உச்சியை நெருங்கியதும் தொடுகோடு கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறது, f' சிறுத்துவிடுகிறது. சிறிய எண்ணால் வகுத்தால் நகர்வு பெரிதாகத்தானே வரும்? தூக்கி எறிகிறது. −0.5026-லிருந்து −3.8207-க்குப் போனது அப்படித்தான். அந்த வரியில் f' வெறும் −1.24.

இதைத் தாளில் கண்டுபிடிப்பது எளிது. f-இன் அளவு குறைய வேண்டிய இடத்தில் 5, 15.6, 5.7, 4.1, 53 என்று ஏறி இறங்கும். குறைந்து வந்த f மறுபடி ஏறினால் அடுத்த வரி எழுதாதீர்கள். தொடக்க மதிப்பை மாற்றுங்கள்.

உங்கள் தோழி யாராவது 1-ஐ எடுத்திருந்தால் கதை வேறு. f = −6, f' = 1. ஒரே தாவலில் 7-க்குப் போயிருப்பார். பிறகு 4.7655, 3.3487, 2.5316, 2.1739, 2.0979, 2.0946 என்று பொறுமையாக இறங்கி வந்திருப்பார். விடை கிடைக்கும், நேரம் கிடைக்காது.

எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் குறி மாறும் இடத்தைத் தேடுங்கள். f(2) = −1, f(3) = 16. மூலம் நடுவில் இருக்கிறது. இரண்டில் எதன் அளவு சிறியதோ அதை எடுங்கள், இங்கே 2. சில புத்தகங்கள் f-க்கும் f''-க்கும் ஒரே குறி இருக்கும் முனையை எடு என்று சொல்லும். அதன்படி 3. அதுவும் நல்ல அறிவுரைதான், அந்த முனையிலிருந்து குதிக்காமல் ஒரே பக்கமாக இறங்கலாம்: 2.36, 2.1272, 2.0951, 2.0946. ஓர் அடி கூடுதல், ஆனால் விபத்து இல்லாத சாலை. இரண்டில் எதைத் தொட்டாலும், f(2), f(3) இரண்டையும் தாளில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். அந்த ஒரு வரிக்கே தனி மதிப்பெண் வைக்கிறவர்கள் உண்டு.

கேள்வி: x³ − 2x + 2 = 0 சமன்பாட்டில் 0 போட்டால் 1 வருகிறது, 1 போட்டால் 0 வருகிறது. என் கால்குலேட்டர் பழுதா?
— மாணவர், வேலூர்

பதில்: கால்குலேட்டர் நலம். 0-வில் f = 2, f' = −2, ஆகவே அடுத்தது 1. 1-இல் f = 1, f' = 1, ஆகவே அடுத்தது 0. தேர்வு முடியும் வரை போட்டாலும் இதுதான். இந்தச் சமன்பாட்டின் ஒரே மெய்மூலம் −2-க்கும் −1-க்கும் நடுவில், −1.7693-இல் இருக்கிறது. நீங்கள் அதற்கு எதிர்த்திசையில் நின்று தேடுகிறீர்கள். −2-இல் தொடங்குங்கள், முதல் அடியே −1.8.

கேள்வி: அதே x³ − 2x − 5 = 0. மூன்று தசம இடங்களுக்குத் திருத்தமாக என்று கேட்டார்கள். ரெகுலா ஃபால்சியில் 2.094, 2.094 என்று தொடர்ந்து வந்ததால் நிறுத்தினேன். நியூட்டனில் போட்ட நண்பன் 2.095 என்கிறான். புத்தகத்தின் பின்பக்கத்தில் 2.094. யார் சொல்வது சரி?
— மாணவி, திருநெல்வேலி

பதில்: நண்பன் சொல்வது சரி. புத்தகத்தையும் உங்களையும் ஏமாற்றியது ஒரே ஆள்தான்: "இரண்டு மதிப்புகள் ஒத்துப்போனால் நிறுத்து" என்ற விதி.

நீங்கள் எப்படி ஏமாந்தீர்கள் என்று பார்ப்போம். 2-க்கும் 3-க்கும் நடுவில் ரெகுலா ஃபால்சி போட்டால் வருவது இது: 2.0588, 2.0813, 2.0896, 2.0927, 2.0939, 2.0943, 2.0945. இந்தச் சமன்பாட்டில் வலது முனையான 3 கடைசி வரை அசையவே அசையாது. இடது முனை மட்டும் மெல்ல மெல்ல நகர்ந்து வரும். ஒவ்வொரு அடியிலும் மிச்சமிருக்கும் பிழை முந்தைய பிழையில் ஏறத்தாழ 0.37 பங்கு ஆகிறது. இடப்பக்கத்திலிருந்தே நெருங்குவதால் எல்லா மதிப்புமே உண்மையை விடக் குறைவு. ஐந்தாவது மதிப்பை மூன்று இடத்துக்குச் சுருக்கினால் 2.094. ஆறாவதும் 2.094. ஏழாவது 2.09446, அதுவும் 2.094. நிறுத்தத் தோன்றாதா? எட்டாவது 2.094518. சுருக்கினால் 2.095!

நான்கு தசம இடம் என்று கேட்டிருந்தால் இன்னும் வேடிக்கை. ஏழாவது மதிப்பிலிருந்து பதினோராவது வரை ஐந்து வரிகள் தொடர்ந்து 2.0945 என்று நிற்கும். பன்னிரண்டாவது வரியில்தான் 2.0946 ஆகும். உண்மையான மூலம் 2.0945515. நான்கு இடத்துக்கு 2.0946, மூன்று இடத்துக்கு 2.095. ஐந்து சாட்சிகள் ஒரே பொய்யை ஒரே குரலில் சொன்னார்கள். ஏனென்றால் அவர்கள் எல்லாரும் ஒரே பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

ஆகவே அடுத்தடுத்த மதிப்புகள் ஒத்துப்போவது நகர்வு சின்னதாகிவிட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி, பிழை சின்னதாகிவிட்டது என்பதற்கல்ல. நியூட்டனில் இந்த இரண்டும் ஒன்றாகவே போகும், அதனால் அங்கே இந்த விதி பெரும்பாலும் காப்பாற்றும். மெல்ல நகரும் முறைகளில் காப்பாற்றாது. பிழை ஒவ்வோர் அடியிலும் k மடங்கு ஆகிறது என்றால், நிறுத்தும்போது மிச்சமிருக்கும் பிழை கடைசி நகர்வைப் போல k/(1 − k) மடங்கு. k = 0.37 என்றால் நகர்வில் பாதிக்குச் சற்று மேல், பரவாயில்லை. k = 0.9 என்றால் ஒன்பது மடங்கு! x = φ(x) என்று மாற்றி எழுதிப் போடும் இட்டரேஷன் கணக்குகளில் k என்பது மூலத்தில் |φ'|. அது 1-க்குக் குறைவா என்று சோதித்துவிட்டுத் தொடங்குகிறீர்கள். எவ்வளவு குறைவு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமே இல்லாத சோதனை ஒன்று இருக்கிறது, எந்த முறைக்கும் செல்லும். 2.094 என்பது விடையானால் மூலம் 2.0935-க்கும் 2.0945-க்கும் நடுவில் இருந்தாக வேண்டும். f(2.0945)-ஐப் போடுங்கள். −0.00057 வருகிறது. இன்னும் மைனஸ்தான், மூலம் 2.0945-க்கும் வலப்பக்கத்தில் இருக்கிறது. 2.094 தோற்றுவிட்டது. 2.095-க்குச் சோதனை: f(2.0945) மைனஸ், f(2.0955) பிளஸ். குறி மாறுகிறது. முடிந்தது கதை. விடையின் கடைசி இலக்கத்தில் பாதியைக் கூட்டியும் குறைத்தும் இரண்டு முறை f போட வேண்டும், அவ்வளவுதான். அட்டவணைக்குக் கீழே இந்த இரண்டு வரியை எழுதிய மாணவியிடம் எந்தத் திருத்துநரும் வாதாட முடியாது. பின்பக்க விடையைக் காட்டி வாதாடினால் இந்த இரண்டு வரியையே திருப்பிக் காட்டுங்கள்.

கேள்வி: நான் f(x) 0.0005-க்குக் கீழே வந்தால் நிறுத்துவேன். f தான் பூஜ்யமாக வேண்டும், அதைப் பார்ப்பதில் என்ன தப்பு?
— மாணவர், சேலம்

பதில்: x³ − 3x + 2 = 0-ஐ 2-இல் தொடங்கிப் போட்டுப் பாருங்கள். 1.5556, 1.2979, 1.1554, 1.0796, 1.0403, 1.0203, 1.0102. இந்தக் கடைசி இடத்தில் f = 0.00031. உங்கள் விதிப்படி நிறுத்திவிடலாம். மூலமோ சரியாக 1. இரண்டாவது தசம இடத்திலேயே தப்பு.

இங்கே 1 இரட்டை மூலம், (x − 1)²(x + 2) என்று பிரியும். வளைவு அச்சை வெட்டாமல் தடவிக்கொண்டு போகிறது. அந்தத் தட்டையான இடத்தில் x எட்ட இருந்தாலும் f கிட்ட வந்துவிடும். அட்டவணையில் அடையாளம் இரண்டு. f' பத்தியும் பூஜ்யத்தை நோக்கிப் போகும், கடைசி வரியில் 0.061. நகர்வுகள் வர்க்கமாகாமல் பாதி பாதியாகும்: 0.0393, 0.0200, 0.0101. தஞ்சாவூர் மேடம் கவனிக்க, இங்கே வகைக்கெழு சரி, சமன்பாடுதான் அப்படி. பாதி பாதியாகிறது, கூடவே f' சாகிறது என்றால் இரட்டை மூலம். f' நலமாக இருந்தும் சீராகச் சுருங்குகிறது என்றால் வகைக்கெழுவில் பிழை.

மருந்தும் எளிது. ஒவ்வொரு நகர்வையும் இரண்டால் பெருக்குங்கள். 2-லிருந்து 1.1111, அடுத்து 1.0019, அதற்கடுத்த அடியில் ஐந்து தசம இடத்துக்கு 1 கையில்.

எதிர்ப்பக்க ஏமாற்றமும் உண்டு. நம் பழைய x³ − 2x − 5-இல் நான்கு இடத்துக்குச் சரியான விடை 2.0946. அங்கே f = 0.00054! உங்கள் விதிப்படி சரியான விடையும் தேறாது. வளைவு செங்குத்தாக இருந்தால் f பெரிதாகவே தெரியும். f-இன் அளவை அப்படியே நம்பாதீர்கள். f'-ஆல் வகுத்துவிட்டு நம்புங்கள். f/f' தான் இன்னும் எவ்வளவு தூரம் என்று சொல்கிறது. 0.00054-ஐ 11.16-ஆல் வகுத்தால் 0.00005-க்குள். தேறிவிட்டது.

கேள்வி: 3x = cos x + 1-க்கு விடை 0.6666 வருகிறது. 2/3 என்று எழுதலாமா?
— மாணவர், கரூர்

பதில்: எழுதுவதற்கு முன் கால்குலேட்டர் திரையின் மேல் மூலையைப் பாருங்கள், D என்று இருக்கும். டிகிரியில் இத்தனை சிறிய கோணத்துக்கு cos கிட்டத்தட்ட 1 தான், 3x = 2 ஆகிவிடுகிறது. ரேடியனுக்கு மாற்றி 0.6-இல் தொடங்குங்கள். 0.60711, பிறகு 0.60710. இந்த 0.6666-ஐப் பார்த்தவுடன் திருத்துநர்கள் சிரித்துவிடுவார்கள். எல்லா ஊரிலும் எல்லா ஆண்டிலும் இது வரும்.

கேள்வி: Ans பொத்தானை வைத்து ஒரே வரியில் போட்டுவிடலாம் என்கிறார்களே?
— மாணவி, மதுரை

பதில்: போடலாம். முதலில் 2 தட்டி = அழுத்துங்கள். பிறகு இதைத் தட்டிவிட்டு = மட்டும் அழுத்திக்கொண்டே இருங்கள்:

```
Ans-(Ans^3-2Ans-5)/(3Ans^2-2)
```

2.1, 2.094568121, 2.094551482 என்று கொட்டும். ஆனால் இதை உங்கள் அட்டவணையைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள், அட்டவணைக்குப் பதிலாக வேண்டாம். பகுதியில் அடைப்புக்குறி ஒன்று விட்டுப்போனால் மூன்று வரியும் மொத்தமாகப் போகும். எந்த வரியில் தப்பு என்று காட்ட f, f' பத்திகளும் இருக்காது. படி மதிப்பெண் கொடுக்க நினைப்பவருக்கும் படி தெரிய வேண்டாமா? இன்னொன்று, நான்கு இடத்துக்கு விடை கேட்டால் நடுவில் ஆறு இடமாவது எழுதுங்கள். திரையில் பத்து இலக்கம் இருக்கும்போது தாளில் நான்கோடு நிறுத்துவது கஞ்சத்தனம்.

கேள்வி: எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஏன் இதே x³ − 2x − 5? ஆசிரியர்களுக்கு வேறு சமன்பாடே கிடைக்கவில்லையா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவர், சென்னை

பதில்: கிடைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன், மூன்றரை நூற்றாண்டாக. 1669-இல் எழுதிய கையெழுத்துப் பிரதியில் நியூட்டனே எடுத்துக்கொண்ட உதாரணம் இது. அது அச்சானது 1711-இல்தான். அதற்கு முன்பே ஜான் வாலிஸ் 1685-இல் வெளியிட்ட அல்ஜீப்ரா நூலில் அந்தக் கணக்கு அச்சேறிவிட்டது. ஜோசப் ராப்சன் 1690-இல் அதே முறையை எளிமையாக்கி, ஒவ்வொரு அடியிலும் முந்தைய x-ஐயே நேராகப் போடும்படி எழுதினார். நீங்கள் தேர்வில் போடுவது ராப்சன் வடிவத்துக்குத்தான் நெருக்கம். நியூட்டன் ஒவ்வோர் அடியிலும் புதிய பல்லுறுப்புக்கோவையே உண்டாக்கிக்கொண்டு போனார். நடுவில் ஒரு தப்பு செய்தால் அவருக்கு மன்னிப்பே இல்லை. நாகர்கோவில் மாணவிக்குக் கிடைத்த வரம் அவருக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: கேள்வித்தாள் தயாரிக்கும் குழுவில் இருக்கிறேன். இத்தனை வம்பும் வராமல் கேள்வியை எப்படி எழுதுவது?
— பேராசிரியர், கோயம்புத்தூர்

பதில்: "திருத்தமாக" என்ற ஒற்றைச் சொல்லோடு விட்டுவிடாதீர்கள் ஐயா. தொடக்க மதிப்பை அல்லது தொடக்க இடைவெளியைக் கேள்வியிலேயே கொடுங்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எண்ணாக எழுதுங்கள்: "அடுத்தடுத்த இரு மதிப்புகளின் வித்தியாசம் 0.00005-க்குக் கீழே வரும்வரை" என்று. கூடவே "விடையைக் குறி மாற்றத்தால் சரிபார்க்க" என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு இரண்டு மதிப்பெண் ஒதுக்குங்கள். விடைக்குறிப்பில் 2.094 என்று எழுதுவதற்கு முன் நீங்களும் ஒரு தடவை f(2.0945) போட்டுப் பாருங்கள். திருநெல்வேலி மாணவி இந்த முறை காத்திருக்கிறார்.